பொருள்: புரொபேஷன் கன்ஃபர்மேஷன் எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு முன் நான் முடிக்க வேண்டியது என்ன

வணக்கம் மேடம்,

மார்ச் 3 அன்று வேலைக்குச் சேர்ந்தேன். பணி நியமனக் கடிதத்தில் சொன்ன ஆறு மாத புரொபேஷன் செப்டம்பர் 2 அன்று முடிந்துவிட்டது. கன்ஃபர்மேஷன் கடிதமோ, காலத்தை நீட்டித்ததாகத் தகவலோ இன்னும் எனக்கு வரவில்லை. மாதக் கடைசி, மாத ஆரம்பம் என்று நம் பிரிவில் எல்லோருக்கும் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் என்பதால்தான் இதுவரை கேட்காமல் இருந்தேன். ஆகஸ்ட் கணக்கு முடிந்துவிட்டதால் இப்போது கேட்கிறேன்.

எழுத்துமூலம் உறுதி செய்யும்வரை புரொபேஷன் தொடர்வதாகவே கருதப்படும் என்று என் நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அதனால் ஆறு மாதம் முடிந்ததாலேயே நான் நிரந்தரம் ஆகிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பற்றிய மதிப்பீட்டுப் படிவம் உங்களிடம் இருக்கிறதா, எச்ஆருக்குப் போய்விட்டதா என்பது தெரிந்தால் போதும். என் பக்கத்திலிருந்து படிவமோ கையெழுத்தோ பாக்கி இருந்தால் சொல்லுங்கள், அன்றைக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஜூன் மாதம் நாம் உட்கார்ந்து பேசியபோது, கன்ஃபர்மேஷனுக்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னீர்கள். அவை இப்போது எப்படி இருக்கின்றன என்று என் பார்வையில் எழுதுகிறேன். உங்கள் பார்வை வேறாக இருந்தால் அதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வங்கி ரீகன்சிலியேஷன் அடுத்த மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் முடிய வேண்டும் என்றீர்கள். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அந்தக் கெடுவுக்குள் முடித்து அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்டில் பொருந்தாமல் நின்ற தொகைகளில் பெரும்பாலானவை, நாம் செக் கொடுத்தும் சப்ளையர்கள் இன்னும் வங்கியில் போடாதவை. அவற்றைத் தேதிவாரியாகத் தனி ஷீட்டில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது சப்ளையர்களின் கேள்விகள். யாரையும் எதிர்பார்க்காமல் நானே பதில் சொல்லிப் பழக வேண்டும் என்றீர்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து பேமெண்ட் பற்றி வரும் அழைப்புகளையும் மெயில்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன். பில்லில் இருக்கும் விலையும் பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும் விலையும் வேறுபட்டால் மட்டும் பர்ச்சேஸ் பிரிவிடம் கேட்டு, அவர்களுடைய பதிலை பில்லோடு இணைத்துவிட்டு மேலே நகர்த்துகிறேன். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பணம் எப்போது வரும் என்று கேட்பவருக்குச் சரியான தேதியைச் சொல்ல முடிவது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, நிலுவைப் பட்டியலை நானே தயாரித்து மாதாந்திரக் கூட்டத்தில் விளக்குவது. பட்டியல் தயாரிக்கிறேன், ஆனால் கூட்டத்தில் பேசும் வாய்ப்பு இன்னும் அமையவில்லை. கன்ஃபர்மேஷன் இதற்காகத்தான் நிற்கிறது என்றால், அக்டோபர் கூட்டத்தில் நானே விளக்க அனுமதி கொடுங்கள். முந்தைய நாளே உங்களிடம் காட்டிவிட்டுத் தயாராக வருகிறேன்.

இவை தவிர வேறு ஏதாவது குறையாகத் தெரிந்தால் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். எந்த வேலையை, எந்த அளவுக்கு, எப்போதைக்குள் என்று தெரிந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு செய்ய எனக்குச் சுலபம். ஒருவேளை புரொபேஷனை நீட்டிப்பதாக முடிவு செய்திருந்தால், எந்தத் தேதி வரை, எதை வைத்து மறுபடி பார்ப்பீர்கள் என்பதை மெயிலில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கடிதத்தின்படி சம்பளத்தோடு கூடிய விடுப்பும் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் கன்ஃபர்மேஷனுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அம்மாவுக்கு டிசம்பரில் கண் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காப்பீட்டில் அம்மாவின் பெயரை எப்போது சேர்க்க முடியும் என்று தெரிந்தால், செலவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வேன். இதற்காக மதிப்பீட்டை அவசரப்படுத்துங்கள் என்று கேட்கவில்லை, தேதி தெரிந்தால் போதும்.

இந்த வாரம் வியாழன் அல்லது வெள்ளி, மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியுமா? அந்த நேரம் சரிப்படாவிட்டால் உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன். ரீகன்சிலியேஷன் ஷீட்டையும் நிலுவைப் பட்டியலையும் இதோடு இணைத்திருக்கிறேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
கவிதா
கணக்குப் பிரிவு, சப்ளையர் பேமெண்ட்ஸ்