டிஎன்ஏ திருத்தம் மூன்று வகை: திங்கள் வகுப்புக்கான தாள்

இரண்டாம் வருட உயிரியல் மாணவர்களுக்கு. திங்கட்கிழமை திருநெல்வேலி வகுப்புக்கு வரமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள். புரதங்களின் பெயர்களைப் பாடமாக்குவதைப் பிறகு பார்க்கலாம். அட்டவணையைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருங்கள்: பழுதான இடத்தில் உண்மையில் எது இருக்க வேண்டும் என்று கலத்துக்கு எப்படித் தெரிகிறது? நான்காவது வரிசைதான் அதற்கான விடை. பரீட்சையில் புள்ளி போவதும் அங்கேதான்.

| | பொருந்தாச்சோடித் திருத்தம் | நியூக்கிளியோதைட்டு வெட்டித் திருத்தம் | இரட்டையிழை முறிவுத் திருத்தம் |
|---|---|---|---|
| பழுது | தவறான சோடி, சிறு தடங்கள் | இழையை வளைக்கும் பருத்த பழுது | இரு இழையும் அறுதல் |
| வழமையான காரணம் | இரட்டிப்பின்போது பொலிமரேசு விடும் பிழை | கழியூதாக் கதிர், புகையிலைப் புகையின் சில இரசாயனங்கள் | எக்ஸ் கதிர், காமாக் கதிர், குலைந்த இரட்டிப்பு |
| கண்டுபிடிப்பது (மனிதரில்) | எம்எஸ்எச்2–எம்எஸ்எச்6 | எக்ஸ்பிசி, அல்லது தடைப்பட்டு நின்ற ஆர்என்ஏ பொலிமரேசு | கூ70–கூ80, அல்லது எம்ஆர்என் தொகுதி |
| சரியான தகவல் | பழைய இழை | பழுதில்லாத எதிர் இழை | சகோதர நிறவுரு, அல்லது எதுவுமில்லை |
| தவறினால் | லிஞ்ச் கூட்டறிகுறி | எக்ஸ்ரோடெர்மா பிக்மென்டோசம் | பிஆர்சிஏ சார்ந்த மார்பக, சூலகப் புற்றுநோய் |

முதல் நிரல்தான் மூன்றிலும் சிக்கலானது. குவானைனுக்கு எதிரே தைமின் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டுமே நல்ல மூலங்கள், எதிலும் சேதம் இல்லை. அப்படியானால் குற்றவாளி யார்? இ.கோலையில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. ஜீஏடீசி என்ற தொடரிலுள்ள அடினைனுக்கு மெதைல் கூட்டம் சேர்க்கப்படுகிறது. புதிதாக உருவான இழைக்கு அது சேரச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் மெதைல் இல்லாத இழையை மியூட்எச் வெட்டிவிடும். மியூட்எஸ் பிழையைப் பிடிக்கும், மியூட்எல் இருவரையும் இணைத்துவிடும். வெட்டிலிருந்து பிழையைத் தாண்டும் வரை இழை அகற்றப்பட்டு, பழைய இழையைப் பார்த்து மீண்டும் நிரப்பப்படும்.

சரி, இதையே மனிதக் கலத்துக்கும் எழுதிவிடாதீர்கள். எங்களிடம் மியூட்எச் இல்லை, அந்த மெதைல் அடையாளமும் இல்லை. புதிய இழையில் இருக்கும் வெட்டுகளும், பிசிஎன்ஏ வளையம் இழையில் ஏறியிருக்கும் திசையும்தான் வழிகாட்டி. ஒவ்வொரு வருடமும் விடைத்தாள்களில் மனிதனுக்கு மியூட்எச் முளைக்கிறது!

இரண்டாவது நிரலில் அந்தக் குழப்பமே கிடையாது. மதிய வெயிலில் கசூரினா கடற்கரையில் நின்றால் தோற்கலங்களில் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருபகுதியமாகும், இழை வளையும். எக்ஸ்பிசி கவனிப்பது அந்த வளைவைத்தான், மூலத்தின் பெயரை அல்ல. அதனால்தான் வேறுவேறு வகைப் பழுதுகளை இந்த ஒரே முறை கையாள்கிறது. பழுதின் இரு பக்கமும் வெட்டு விழும். மனிதரில் 24 முதல் 32 வரையும், இ.கோலையில் 12 அல்லது 13 நியூக்கிளியோதைட்டுகளும் துண்டாகக் கழன்று போகும். எதிர் இழை அப்படியே இருப்பதால் பொலிமரேசுக்கு யோசிக்க வேலையில்லை.

மூன்றாவதில் பார்த்து எழுத எதிர் இழையும் இல்லை. இரட்டிப்பு முடிந்த கலத்தில் சகோதர நிறவுரு பக்கத்திலேயே இருக்கும். பிஆர்சிஏ2, ராட்51 புரதத்தை அறுந்த முனையில் ஏற்றிவிட, அந்த முனை சகோதரத்தில் தன் தொடரைத் தேடிப் படியெடுக்கும். இது ஒத்த மீள்சேர்க்கை, எஸ், ஜீ2 நிலைகளுக்கு உரியது. ஜீ1 நிலையில் சகோதரம் இல்லை. அப்போது முனைகளைக் கூ புரதங்கள் பிடிக்க, லைகேசு 4 ஒட்டிவிடும். இடையில் சில நியூக்கிளியோதைட்டுகள் தொலையலாம் அல்லது கூடலாம். பிழை வரும் என்று தெரிந்தும் கலம் இதைச் செய்வது, அறுந்த நிறவுருவோடு பிரிவுக்குப் போவது அதைவிட ஆபத்து என்பதால். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்ச் சிகிச்சை நம்பியிருப்பதும் முக்கியமாக இந்த முறிவைத்தான்: கட்டிக் கலங்கள் பல, திருத்த முடியாமல் இறந்துபோகின்றன.

ஒரு பக்கக் குறிப்பு. 2015 இரசாயன நோபல் பரிசு மொட்ரிச், சன்ஜார், லிண்டால் மூவருக்கும் கிடைத்தது. முதல் நிரல் மொட்ரிச்சுடையது, இரண்டாவது சன்ஜாருடையது. லிண்டாலுடையது மூல வெட்டித் திருத்தம், அது இந்த அட்டவணையில் இல்லை. அதை மூன்றாவது நிரலோடு சேர்த்து எழுதும் ஆட்கள் உண்டு, கவனம்.

திங்கட்கிழமை விடையோடு வாருங்கள்: பிஆர்சிஏ2 இல்லாத இரு கலங்கள், ஒன்று ஜீ1 நிலையில், மற்றது ஜீ2 நிலையில். இரண்டுக்கும் ஒரே அளவு காமாக் கதிர் படுகிறது. பிஆர்சிஏ2 இல்லாத குறை எதில் கூடுதலாகத் தெரியும், ஏன்? நான்கு வரி போதும், ஆனால் நான்காவது வரிசையிலிருந்து தொடங்குங்கள்.