வள்ளிக்குப் பதினெட்டு

உ
சிவமயம்

காரைக்குடி வீட்டு வள்ளியம்மைக்கு
கானாடுகாத்தான் அம்மான் எழுதியது.

எங்கள் ஆத்தாளின் பெயரை உனக்கு வைத்துவிட்டார்கள்.
அன்றைக்குப் பிடித்த தொல்லை எனக்கு.
"அடியே வள்ளியம்மை" என்று அதட்ட வாயெடுத்தால்
சுவரில் மாலையோடு இருக்கும் ஆத்தா
"யாரை?" என்று கேட்பதுபோல் பார்க்கிறாள்.
திட்டாமல் விழுங்கிய திட்டெல்லாம்
பதினெட்டு ஆண்டாக உன் பேரில் பாக்கி நிற்கிறது.
வட்டி போடவில்லை, பிழைத்துப் போ.

காது குத்தியபோது என் மடியில்தான் இருந்தாய்.
ஆசாரி ஊசியை எடுக்குமுன் என் விரலைக் கடித்தாய்.
உன் காதில் ஒரு துளி ரத்தம்,
என் விரலில் நாலு பல்.
அழுதது நான்தான் என்று
உன் அப்பச்சி இன்னும் ஊரெல்லாம் சொல்கிறார்.
அது சாம்பிராணிப் புகை.

ஐந்து வயதில் ஆத்தங்குடிக் கல்லில்
எண்ணெய் ஊற்றிச் சறுக்கு விளையாடினாய்.
சறுக்கியது நீ,
விழுந்தது என் மனைவி, உன் அம்மான்மிண்டி.

ஒன்பதாம் வகுப்பில், கணக்குப் பரீட்சைத் தாளில்
அப்பச்சியின் கையெழுத்தை நீயே போட்டாய்.
பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தபோது
சாட்சிக்கு நான் வந்தேன்.
அவர் போடுவதைவிட அழகாக இருந்தது, ஆத்தா!
அதனால்தான் மாட்டிக்கொண்டாய்.

நேற்றுவரை நீ எதை எழுதித் தந்தாலும்
சட்டம் குழந்தைக் கிறுக்கல் என்று சிரித்திருக்கும்.
இன்று காலை முதல் சிரிக்காது.
உன் கையெழுத்து
உன்னைக் கட்டும்.

உன் பாட்டையா ரங்கூன் போகச்
சம்பளச் சீட்டில் கையெழுத்திட்டபோது
மீசை அரும்பவில்லை.
பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறினார்.
தவணை முடிந்து திரும்பியபோது
மீசை இருந்தது, பர்மிய மொழி இருந்தது,
காலணாவையும் விடாத பேரேட்டுக் கை இருந்தது.
1942இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தபோதும்
அந்தக் கை மட்டும் கூடவே வந்தது.

என் கதையையும் கேள். உன் அம்மான்மிண்டி எதிரில் கேட்காதே.
இருபத்திரண்டு வயதில் ஒரு நண்பன்
"சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்து" என்றான்.
டீ வாங்கித் தந்தான், வடையும் தந்தான்.
பேனாவும் அவனுடையதுதான்.
பிறகு அவனைக் காணவில்லை.
தவணை மட்டும் தவறாமல் என்னைத் தேடி வந்தது,
ஏழு ஆண்டு, மாதம் ஐந்தாம் தேதி.
அத்தனை விலைக்கு வடை தின்றவன்
செட்டிநாட்டில் வேறு யாரும் இல்லை.
யாராவது "சும்மா" என்று பேனாவை நீட்டினால்
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்.
"வீட்டில் யாரை?" என்றால் என்னைக் காட்டு.
நான் மறுப்பதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

கைப்பேசியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று
ஒரு பொத்தான் வரும், படிக்காமல் தட்டுவாய்.
அதுவும் கையெழுத்துதான், மை இல்லாதது.
ஐந்து நிமிடத்தில் கடன் என்று ஒன்று கூப்பிட்டால்
உன் பாட்டையா எத்தனை வட்டி என்று கேட்டிருப்பார்.
நீயும் கேள்.

போடவேண்டிய இடத்தில் தயங்காமல் போடு.
வாக்காளர் பட்டியலுக்கு ஆறாம் எண் படிவம்,
இந்த வாரமே.
உன் ஆயா இருபத்தொன்று வரை காத்திருந்தாள் ஓட்டுக்கு.
1989இல்தான் அது பதினெட்டாக இறங்கியது.
யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கமாட்டேன்.
கேட்டாலும் சொல்லாதே.

பதினெட்டு என்றதும்
ஜாதகத்தைத் தூசி தட்டுவார்கள் பெரியவர்கள்.
"சட்டமே அனுமதித்துவிட்டது" என்பார்கள்.
"அனுமதித்தது, அவசரப்படுத்தவில்லை" என்று சொல்.
உனக்குத் துணையாக நான் நிற்பேன்.
கொஞ்சம் தள்ளி,
பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னால்.

ஒருவர் கையெழுத்து வராமல் போனால் என்னாகும் என்று
வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பார்.
ஓடு மாற்றப் பதினொரு பங்காளிகள் சம்மதிக்கவேண்டும்.
பத்துப் பேர் போட்டாயிற்று,
பதினொன்றாமவர் பினாங்கில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.
ஐப்பசி மழைக்கு வாளி வைக்கிறோம்.

கந்தரப்பம் ஆறுகிறது, அழைக்கிறார்கள்.
கணக்கை முடிக்கிறேன்.

வரவு: பிறந்தநாளுக்கு அம்மான் தந்தது 5,001.
பற்று: லைசென்ஸ் இல்லாமல் என் வண்டியை எடுத்து
திண்ணையில் மோதிய வகையில்
கண்ணாடி ஒன்றுக்கு 450.
இருப்பு 4,551, உறையில் இருக்கிறது.

பெற்றுக்கொண்டதாகக்
கீழே கையெழுத்துப் போடு.
இந்த முறை உன்னுடையதை.