பொருள்: திருமண விடுப்பு, ஆகஸ்ட் 20 முதல் 31 வரை

வணக்கம் சார்,

வருகிற ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை காலை திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் எனக்குத் திருமணம். அன்று மாலை புதுச்சேரியில் வரவேற்பு. அதற்காக 20 முதல் 31 வரை விடுப்பு எடுக்கிறேன். என் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பிலேயே கழித்துக்கொள்ளலாம். செப்டம்பர் 1 காலை சீட்டில் இருப்பேன்.

20ஆம் தேதி கடைசி நாள் என்பதால் ஜிஎஸ்டிஆர்-3பி பற்றித்தான் முதலில் கேட்பீர்கள். அதை 18ஆம் தேதியே தாக்கல் செய்துவிடுவேன். உள்ளீட்டு வரி ஒப்பீட்டை 14ஆம் தேதி உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். ஒரு சப்ளையர் இன்னும் இரண்டு பில்லை ஏற்றவில்லை, தினமும் போன் செய்துகொண்டிருக்கிறேன்.

மாதக் கடைசிச் சம்பளப் பட்டியலைக் கவிதா பார்த்துக்கொள்வார். ஜூலைப் பட்டியலை என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே போட்டார், ஓவர்டைம் கணக்கு உட்பட. வங்கிக்கு அனுப்பும் முன் உங்கள் ஒப்புதல் மட்டும் தேவை. சப்ளையர்களுக்குப் பணம் கொடுப்பது செந்தில் பொறுப்பு. எந்தெந்த நாளில் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை 19ஆம் தேதி மதியம் மூவருக்கும் அனுப்புவேன். பெட்டிச் சாவியும் அன்றே செந்தில் கையில்.

22, 23 இரண்டு நாளும் போன் எடுக்க மாட்டேன். மற்ற நாட்களில் அவசரம் என்றால் கவிதா வாட்ஸ்அப்பில் கேட்கட்டும், மாலைக்குள் பதில் தருவேன்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, அதனால் இந்த வெள்ளிக்குள் ஒப்புதல் கிடைத்தால் நல்லது. பத்திரிகையை நேரில் வந்து தருகிறேன். குடும்பத்தோடு நீங்கள் வர வேண்டும் சார்.

அன்புடன்,
பிரபாகரன்
கணக்குப் பிரிவு, கடலூர்