ராஜகீழ்ப்பாக்கத்தில் 50 வீடுகள்: புக்கிங் தொடக்கம் 🏠

வேளச்சேரி–தாம்பரம் சாலையிலிருந்து உள்ளே 400 மீட்டர். 12.5 கிரவுண்டில் ஸ்டில்ட் + 5 மாடி. தாம்பரம் ரயில் நிலையம் ஏறத்தாழ 4 கி.மீ. சி.எம்.டி.ஏ. அனுமதியும் ரெரா பதிவும் முடிந்த பிறகே அறிவிக்கிறோம். ரெரா எண் படத்தின் அடியில் இருக்கிறது, rera.tn.gov.in தளத்தில் சரிபாருங்கள்.

📐 2 பி.எச்.கே. (30 வீடுகள்): விற்பனைப் பரப்பு 1,020 சதுர அடி, கார்ப்பெட் ஏரியா 735, யு.டி.எஸ். 532.
3 பி.எச்.கே. (20 வீடுகள்): 1,345, கார்ப்பெட் 975, யு.டி.எஸ். 702.
கார்ப்பெட் என்பது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடம். பால்கனியும் வெளிச்சுவரும் அதில் சேராது. வேறு திட்டத்தோடு ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். யு.டி.எஸ். என்பது மனையில் உங்கள் பங்காக வரும் பிரிக்கப்படாத நிலம். 50 வீட்டு யு.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மொத்த மனை 30,000 சதுர அடி சரியாக வரும்.

💰 சதுர அடி ₹7,200. 2 பி.எச்.கே. ₹73.44 லட்சம், 3 பி.எச்.கே. ₹96.84 லட்சம். இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 5% (2 பி.எச்.கே.க்கு சுமார் ₹3.67 லட்சம்), மூடிய கார் பார்க்கிங் ₹3.5 லட்சம், மின் இணைப்பு மற்றும் குடிநீர் ₹2.5 லட்சம், பிற்காலப் பராமரிப்புக்கான கார்ப்பஸ் நிதி சதுர அடிக்கு ₹50. பத்திரச் செலவு தனி. திறந்தவெளி பார்க்கிங் எல்லோருக்கும் பொது, அதை விற்பதில்லை. பட்ஜெட் போடும்போது இவை அத்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் கையைக் கடிப்பது பெரும்பாலும் இந்தச் செலவுகள்தான். விலை ₹50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒவ்வொரு தவணையிலும் 1% டி.டி.எஸ். பிடித்து நீங்களே கட்ட வேண்டும்.

முன்பணம் ₹2 லட்சம். ஒப்பந்தம் பதிவாகும் வரை அதையும் சேர்த்து 10%க்கு மேல் வாங்க மாட்டோம், சட்டமும் அதுதான். பதிவானதும் 10%, அஸ்திவாரம் 15%, ஆறு தளங்களின் கான்கிரீட்டுக்குத் தலா 7.5%, செங்கல் வேலை 10%, டைல்ஸ் 5%, சாவி தரும்போது 5%. வங்கிக் கடனும் இதே கட்டங்களில்தான் வெளிவரும்.

🌧️ மழை பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஸ்டில்ட் தரை சாலை மட்டத்தைவிட 3 அடி உயரம். மின் பேனல், ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார் எதுவும் தரைமட்டத்தில் இல்லை. சம்ப்பின் மூடியும் தரையிலிருந்து ஒன்றரை அடி தூக்கியே வரும். சாலைத் தண்ணீர் ஸ்டில்ட்டுக்குள் வந்தாலும் குடிநீரில் கலக்காது.

மேற்குப் பார்த்த 10 வீடுகளில் பிற்பகல் வெயில் இருக்கும். அந்தச் சுவர் 9 அங்குலம், ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேட். மாலை 4 மணிக்கு மனைக்கு வந்து திசையைப் பார்த்துவிட்டு வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

🗝️ ரெராவில் பதிந்த ஒப்படைப்பு: ஜூன் 2028. கட்டுமானக் குறைகளுக்கு ஒப்படைப்பிலிருந்து 5 ஆண்டுகள் எங்கள் பொறுப்பு.

மனை பார்க்க தினமும் காலை 9:30 முதல் மாலை 6 வரை. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அனுமதி வரைபட நகல்கள் தருகிறோம். உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு முன்பணம் கொடுங்கள். மாடி வாரியான பிளானுக்கு இன்பாக்ஸில் ‘2’ அல்லது ‘3’ என்று அனுப்புங்கள்.

#ராஜகீழ்ப்பாக்கம் #தாம்பரம்வீடுகள் #புதியஅபார்ட்மென்ட்