புது பில்லிங் மென்பொருள்: தொடக்கக் கூட்ட நிகழ்ச்சி நிரல்

வியாழன், காலை 10.00–11.00, கடை மாடி அறை. நேற்று வாட்ஸ்அப் குழுவில் பேசியதன் முறையான வடிவம் இது.

10.00 – யார் எதற்குப் பொறுப்பு

10.10 – சரக்குப் பட்டியல் மாற்றம். “எக்செல்ல இருக்கு, அப்படியே ஏத்திடலாம்” என்று பேசினோம். ஒரே சேலைக்கு இரண்டு குறியீடு இருந்தால் இருப்பு இரண்டாகப் பிரிந்து காட்டும். அதனால்தான் இதற்கு மட்டும் 30 நிமிடம்.

10.40 – மாறும் நாள். “தீபாவளிக்கு முன்னாடி” போதாது. தேதி குறித்தாக வேண்டும்.

10.55 – அடுத்த வேலைகள்

புதன் மாலை 5 மணிக்குள் குழுவில் அனுப்ப வேண்டியவை:
கிடங்குப் பொறுப்பாளர்: இரட்டைக் குறியீடுகளை மஞ்சளில் குறித்த பட்டியல்.
கணக்கர்: போன மாத பில் 10; அதில் சரக்கு திரும்பி வந்த பில் 2 கட்டாயம்.
கல்லாப் பொறுப்பாளர்: பார்கோடு பிரிண்டரின் மாடல் எண், படத்துடன்.