பாப்பாவின் காலேஜ் ஃபீஸ் விஷயமாக, செல்வம் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம். காலையில் டீக்கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள், அதனால்தான் அங்கே ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை இதில் எழுதுகிறேன்.

முதலில், பாப்பாவுக்கு கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். மெஷின் சத்தத்துக்கு நடுவே உங்கள் ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணே, நீங்கள் கேட்ட 50,000 ரூபாயை என்னால் தர முடியாது. வீட்டுக் கடன் தவணையும் அம்மாவின் மருந்துச் செலவும் போக, கையில் நிற்பது குறைவு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தால் நீங்கள் என்னை நம்பி வேறு வழி தேடாமல் இருந்துவிடுவீர்கள். ஃபீஸ் கட்ட கெடு இருக்கும்போது அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் கேட்டதைத் தப்பாக நினைக்கவே இல்லை. பிள்ளை படிப்புக்குக் கேட்பதில் என்ன கூச்சம்? இதை யாரிடமும் பேசவும் மாட்டேன்.

கந்துவட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள் அண்ணே. கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் இல்லாமல் வங்கியில் கிடைக்கும். பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். பாப்பா படிப்பை முடிக்கும்வரை தவணை கட்டத் தேவையில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் இருக்கிறது. அவள் படிப்புக்கும் காலேஜுக்கும் அது பொருந்துமா என்று மேனேஜரிடம் கேட்போம். வித்யாலக்ஷ்மி தளத்தில் நான் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுத் தருகிறேன், அது எனக்குப் பெரிய வேலையே இல்லை.

கடன் கைக்கு வர நாளாகலாம். அதுவரை, காலேஜ் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, இரண்டு தவணையாகக் கட்ட அவகாசம் கேளுங்கள். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். அப்புறம், உங்கள் வீட்டில் பாப்பாதான் முதல் பட்டதாரி என்று ஞாபகம். கவுன்சிலிங் விண்ணப்பத்தில் முதல் பட்டதாரி சான்றிதழ் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் டியூஷன் ஃபீஸில் சலுகை உண்டு. காலேஜ் கேட்கும் தொகையில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று ரசீதைப் பாருங்கள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வங்கிக்கு நானும் வருகிறேன். சேர்க்கை ஆணை, நாலு வருஷத்துக்கான ஃபீஸ் விவரம், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பாப்பாவுடையதும் உங்களுடையதுமான ஆதார், பான், வருமானச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் இல்லையென்றால் இன்றைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

– தம்பி முருகன்