இரண்டு எறிபொருள்கள், நடுவே ஒரு நேர்கோடு

பதினோராம் வகுப்பில் எறிபொருள் இயக்கம் நடத்தி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “இரண்டு பந்தும் பரவளையப் பாதையில்தானே போகின்றன? ஒன்றிலிருந்து மற்றதைப் பார்த்தால் அதுவும் வளைவாகத்தானே தெரிய வேண்டும்?” நியாயமான கேள்வி. இரண்டு வளைவுகளைக் கழித்தால் இன்னொரு வளைவு வரும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். வருவதோ நேர்கோடு. அவளுக்காகக் கரும்பலகையில் போட்ட கணக்கையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தரையில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து A என்ற பந்து 25 மீ/வி வேகத்தில், கிடைத்தளத்தோடு சுமார் 53° கோணத்தில் எறியப்படுகிறது. அதன் கிடைத்தளக் கூறு 15, செங்குத்துக் கூறு 20. அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி 20 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம். அதன் உச்சியிலிருந்து, அதே நொடியில், B என்ற பந்து A இருக்கும் பக்கமாக 45° மேல்நோக்கி எறியப்படுகிறது. அதன் கிடைத்தளக் கூறு −5, செங்குத்துக் கூறு 5. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்கவில்லை. g = 10 மீ/வி² என்று கொள்வோம்.

சூத்திரத்துக்குப் போகும் முன் எண்களையே பார்த்துவிடலாம். 0, 1, 2 வினாடிகளில் இரண்டும் எங்கே இருக்கின்றன?

```
t      A            B            A − B
0    (0, 0)      (60, 20)     (−60, −20)
1    (15, 15)    (55, 20)     (−40, −5)
2    (30, 20)    (50, 10)     (−20, 10)
```

A-யின் உயரம் முதல் வினாடியில் 15 மீட்டர் ஏறுகிறது, அடுத்ததில் 5 மீட்டர்தான். B முதல் வினாடியின் முடிவில் பழைய உயரத்துக்கே வந்து நிற்கிறது, அடுத்த வினாடியில் 10 மீட்டர் இறங்குகிறது. எதிலும் சீர்மை இல்லை. ஆனால் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள்: ஒவ்வொரு வினாடியும் வலப்பக்கம் 20, மேலே 15. மாறவே இல்லை. நேர்கோடு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இப்போது நிறுவல். தொடக்க நிலை வெக்டர்களை a, b என்றும், தொடக்கத் திசைவேகங்களை u, v என்றும் வைத்தால்:

```
r_A = a + u t + ½ g t²
r_B = b + v t + ½ g t²
r_A − r_B = (a − b) + (u − v) t
```

இங்கே g என்பது கீழ்நோக்கிய வெக்டர். வளைவை உண்டாக்குவது ½ g t² என்ற உறுப்பு மட்டுமே. அது இரண்டு பந்துக்கும் ஒன்றே என்பதால் கழிக்கும்போது முழுதாக மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது t-யின் முதல் படி மட்டும். அது u − v என்ற வெக்டரின் திசையில், மாறாத வேகத்தில் செல்லும் நேர்கோட்டு இயக்கம்.

இந்த மறைவைச் சூத்திரத்தின் தந்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன என்ற இயற்கையின் உண்மைதான் அதற்குக் காரணம். எறிபொருளின் பாதை பரவளையம் என்று 1638-இல் வெளியான தன் நூலில் நிறுவிய கலிலியோ, அந்த உண்மையையும் அதே நூலில் வாதாடி நிலைநாட்டினார். முடுக்கம் நிறையைப் பொறுத்து மாறியிருந்தால், நிறை வேறான இரு பந்துகளின் g உறுப்புகள் ஒன்றையொன்று நீக்கியிருக்காது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

நம் கணக்கில் B-யை ஆதிப்புள்ளியாக வைத்துப் பார்த்தால்:

```
X = −60 + 20t
Y = −20 + 15t
Y = (3/4) X + 25
```

சாய்வு 3/4. சார்புத் திசைவேகத்தின் அளவு √(20² + 15²) = 25 மீ/வி. பந்துகள் எவ்வளவு நெருங்கும் என்று கேட்டால், பரவளையங்களோடு போராட வேண்டாம். ஆதிப்புள்ளியிலிருந்து இந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம் எடுத்தால் போதும்:

```
d = 25 / √(1 + 9/16) = 20 m
t = (60×20 + 20×15) / 25² = 2.4 s
```

மாணவர்கள் பெரும்பாலும் இங்கேயே பேனாவை மூடி வைத்துவிடுவார்கள். வைக்கக் கூடாது. 2.4 வினாடி வரை இரண்டும் காற்றில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்போது A-யின் உயரம் 48 − 28.8 = 19.2 மீட்டர், B-யின் உயரம் 32 − 28.8 = 3.2 மீட்டர். B தரையைத் தொடுவது சுமார் 2.56 வினாடியில். ஆகவே விடை செல்லும், ஆனால் மயிரிழையில்தான். சார்பியக்கச் சமன்பாட்டில் g இல்லை, தரையும் இல்லை. அந்த நேர்கோடு எங்கே அறுபடும் என்பதை மட்டும் g தீர்மானிக்கிறது. இதே எறிதலை நிலவில் செய்தாலும் மிக நெருங்கும் தூரம் 20 மீட்டர்தான், நேரமும் 2.4 வினாடிதான். பந்துகள் இன்னும் உயரத்தில் இருக்கும், அவ்வளவே.

மோத வேண்டுமானால்? நேர்கோடு ஆதிப்புள்ளி வழியே போக வேண்டும். அதாவது u − v, தொடக்கத்தில் A-யிலிருந்து B-யை நோக்கிய கோட்டின் திசையிலேயே அமைய வேண்டும். இங்கே அது 60-க்கு 20, அதாவது 3:1. நம் சார்புத் திசைவேகம் 4:3, அதனால்தான் A, B-யின் மேலாக விலகிப் போகிறது.

B-யை எறியாமல் கைவிட்டால் v = 0; A-யை நேராக B-யைக் குறிவைத்து எறிந்தால் போதும். கிளையிலிருந்து கை விடும் குரங்கின் கதையாகப் பாடநூல்களில் வருவது இதுதான். “விழுகிற பொருளுக்குக் கீழே குறிவைக்க வேண்டாமா?” என்று வகுப்பில் கட்டாயம் ஒரு குரல் எழும். வேண்டாம், பந்து குறிக்கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்கிறதோ, B-யும் அதே அளவு தாழ்கிறது. ஆனால் தரையை மறக்காதீர்கள். 20 மீட்டர் விழ B-க்கு 2 வினாடி. இடைத்தூரம் √4000, அதாவது சுமார் 63.2 மீட்டர். எனவே A-யின் வேகம் 31.6 மீ/வி-க்கு மேல் இருந்தால்தான் காற்றிலேயே மோதும். நம் 25 மீ/வி போதாது.

காற்றின் தடை வந்தால் இத்தனையும் குலையும். தடையால் வரும் முடுக்கம் வேகத்தையும் வடிவத்தையும் நிறையையும் பொறுத்தது. இரண்டு பந்துக்கும் ஒரே முடுக்கம் கிடைக்காது, கழித்தாலும் மறையாது. இறகுப் பந்தைக் கொண்டு இதைச் சோதிக்க வேண்டாம். பளிங்குக் குண்டுகளைச் சில மீட்டர் தூரத்துக்குள் எறிந்து மொபைலில் வீடியோ எடுத்து, சட்டகம் சட்டகமாக இடங்களைக் குறித்துக் கழித்தால் கோடு அழகாக வரும்.

அந்த மாணவி பிறகு இன்னொன்றும் கேட்டாள்: “ஒரே நேரத்தில் எறியாவிட்டால்?” அப்போதும் நேர்கோடுதான், இரண்டும் காற்றில் இருக்கும் வரை. ஆனால் வேறு கோடு. A-யை ஒரு வினாடி தாமதமாக எறிந்தால், அதற்குள் B (55, 20)-இல், (−5, −5) என்ற திசைவேகத்தோடு இருக்கும். சார்புத் திசைவேகம் (20, 25) ஆகும். சாய்வு 3/4 என்பது 5/4 ஆக மாறும்.